நடுவில் நின்ற பெண்

கண்ணுகளா, அப்பா படம் வரைந்த கதையெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தப்பாக வரைந்த கதையைச் சொன்னதில்லை.

பீளமேட்டில் நம் ஓவியக் கடைக்கு ஒருவர் வந்தார். மகளின் பிறந்த நாளுக்குப் பென்சில் படம் வேண்டும், அவளுக்குத் தெரியக்கூடாது என்றார். செல்போனில் பரதநாட்டியப் படம் ஒன்று. ஐந்து பெண்கள், ஒரே பச்சை உடை.

"இதுல யாருங்க?"

"நடுவுல நிக்கறாளே, அவதானுங்க."

மேக்கப் இல்லாத மகளின் சாதாரணப் படம் ஒன்றும் கேட்டு வாங்கினேன். இரண்டும் ஒத்துவரவில்லை. மேடைப் படத்தில் கண் மை நெற்றியோரம் வரைக்கும் இழுத்திருந்தது. புருவம் புதிதாக வரைந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் நிழல் பூசிக் கூராக்கியிருந்தார்கள். நெற்றிச்சுட்டி முடியோரத்தை மறைத்தது, மாட்டல் சங்கிலி காதை மறைத்தது. எது முகம், எது பூச்சு என்றே பிடிபடவில்லை. பெற்றவரே சொல்கிறாரே, எல்லாம் மேக்கப் செய்த வேலை என்று நினைத்து நடுப்பெண்ணையே வரைந்தேன்.

பிறந்த நாளன்று மகளோடு வந்தார். அவள் படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, இது நானில்லீங்கப்பா. என் சிநேகிதி. நான் ஓரத்துல நிக்கறேன்."

"வெளையாடாதே அம்மணி."

"நெசமாத்தானுங்கப்பா." சிரிப்பு நின்றுவிட்டது. "எத்தன வருசமா ஆடறேன். அன்னிக்கு ஒரு நாளுதான் வந்தீங்க. அன்னிக்கும் என்னையப் பாக்கலியா?"

"பாக்காம? மில்லுக்கு லீவு போட்டு மொத வரிசைல உக்காந்து வீடியோவே எடுத்தேன்!"

அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். தொடக்கம் முதல் முடிவு வரை நடுப்பெண்தான். மகளின் கை மட்டும் எப்போதாவது ஓரத்தில் வந்து போனது. இடையில் அவர் குரல், பக்கத்தில் யாரிடமோ: "பாருங்க, எம்புள்ள எப்படி ஆடறாள்னு."

அதைக் கேட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமா, அழுகையா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போல. என்னைப் பார்த்தார். வரைந்தவன் நான். ஒரு வார்த்தை சந்தேகம் கேட்டிருக்கலாம்.

அவளே என் பக்கம் திரும்பினாள். "இத அவளுக்கே குடுத்தர்றேனுங்க. எனக்கு இப்படியே, மூஞ்சி கழுவுனாப்புல வரைஞ்சு குடுங்க. அப்பா, நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருங்க."

வரைந்து முடியும் வரை அவர் மகள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

அவர்கள் போன பிறகு புதுத்தாள் ஒன்றை எடுத்தேன். செல்போனைப் பார்க்காமல் உங்கள் இருவர் முகத்தையும் வரைந்து பார்த்தேன். நெற்றியும் புருவமும் வந்தன. அதற்குக் கீழே உங்கள் கண் எப்படியிருக்கும் என்று நினைவு வராமல் பென்சில் ஓடவில்லை.