முதலாளியிடம் கேட்காமல் முருகனிடம் கேட்டது

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரே முதலாளியிடம் பல வருடம் சூளை பார்த்தேன். பர்னர் அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்வது, உள்சுவரில் பதித்த, சூடு தாங்கும் பஞ்சு உதிர்ந்தால் மாற்றுவது, சூடு காட்டும் கம்பி பழுதானால் சரி செய்வது எல்லாம் நான்தான். காலையில் பூசை முடிக்காமல் கிளம்பமாட்டேன், அதனால் கொஞ்சம் தாமதமாகத்தான் போவேன். சுற்றியிருக்கிற சின்னப் பட்டறைகளுக்கு இதற்கென்று ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. நாமே தனியாக நாலு பட்டறைக்குப் போய்ச் செய்யலாமே என்று தோன்றியது. முருகன்மேல் பாரத்தைப் போட்டு வேலையை விட்டேன். முதலாளி கோபப்படவில்லை. நல்லா இரு என்றுதான் அனுப்பினார்.

ஆனால் வேலை வரவில்லை. தெரியாத ஆளைச் சூளைப் பக்கம் யாரும் விடமாட்டார்கள். ஒரு சின்னப் பிசகில் உள்ளே வேகிற பொம்மை அத்தனையும் போய்விடும். போன இடமெல்லாம், முன்னே யாரிடம் இருந்தீர்கள், அவர் உங்களைப் பற்றி என்ன சொல்வார் என்றே கேட்டார்கள். குஜராத்தில் ஓடு கம்பெனியில் இருக்கும் என் மச்சினன், ஆவணி பிறந்ததும் கிளம்பி வாருங்கள் என்று போன் செய்துகொண்டிருந்தான். வீட்டுக்காரி என் துணிகளை மட்டும் தனியாக மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமை தட்டில் ஆப்பிளும் வெற்றிலை பாக்கும் வைத்து அவர் வீட்டுக்குப் போனேன். முதலாளியம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு முடிவாயிடுச்சா? சொல்லவேயில்ல?" என்று கேட்டார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றேன். தட்டைக் கையில் கொடுத்த பிறகு உதவி கேட்டால், அதற்காகத்தான் கொடுத்தது போல ஆகிவிடாதா? காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு வெள்ளிக்கிழமையும் போனேன். அன்றைக்கும் காபிதான்.

பிறகு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் என்கிற முருகன் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினேன். நம் குறையைத் தாளில் எழுதிச் சாமியிடம் கட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டிவிட்டுத் திரும்பினால், எங்கள் பட்டறையில் பொம்மையைக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சில் முக்கும் பெண் நின்றிருந்தாள். கூட வேலை பார்த்தவள், எனக்குத் தங்கச்சி மாதிரி.

"என்னாண்ணே எழுதுனீங்க?"

"முதலாளி நாலு பேருகிட்ட என்னயப் பத்திச் சொல்லணும்னு."

"அவருகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"நாலு தெரு தள்ளி இருக்கறவருக்கு முருகன்கிட்ட சொல்லி அனுப்புறீங்களா? சாமிக்கே பேரு ஊரு போட்டு, என்னா வேணும்னு எழுதித்தான கட்டுறோம். மனுசன் எப்படிக் கண்டுபுடிப்பாரு?"

இன்னொன்றும் சொன்னாள். நான் தட்டோடு வந்து வாய் திறக்காமல் போனதில் முதலாளிக்குச் சந்தேகமாம். அவருடைய கிளேஸ் கலவையின் பக்குவத்தை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவேனோ, அதற்குத்தான் நோட்டம் பார்க்க வந்தேனோ என்று.

மறுநாள் வெறுங்கையோடு பட்டறைக்கே போனேன். அவர் சூளை வாசலில் நின்றிருந்தார். நின்றபடியே சொன்னேன். "மொதலாளி, ஒண்ணு கேக்கணும். தனியா சூளைப் பழுது பாக்குறேன். பர்னரு, பஞ்சு, கம்பி, அவ்வளவுதான். கிளேஸ் பக்கம் போவமாட்டேன், கொளஞ்சியப்பர் மேல ஆணை. யாருக்காவது ஆளு வேணும்னா என்னயச் சொல்லணும். கேக்கறவங்களுக்கு உங்க நம்பரக் குடுக்கலாமா? மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, வருத்தப்படமாட்டேன்."



"இதுக்கா ரெண்டு தடவ ஆப்பிளு வாங்கியாந்த?" என்றார். பிறகு, "சூளையப் பத்திக் கேட்டா நல்லாத்தான் சொல்லுவேன். பூசை முடிக்காம வரமாட்டான்னும் சொல்லுவேன். நீ சரியா செய்யலன்னா பேச்சு எனக்கு வரும், பாத்துக்க."

என்னென்ன செய்வேன் என்று நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னார். பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டு, கீழே தன் பெயரையும் சேர்த்தார்.

ஒரு பொம்மைப் பட்டறை அம்மா கூப்பிட்டார்கள். சூளையின் ஒரு பக்கம் சூடே ஏறவில்லையாம். விடிவதற்கு முன்னே எழுந்து குளித்துப் பூசையை முடித்து, அவர்கள் கதவைத் திறக்கும்போது வாசலில் நின்றேன். இரண்டு பர்னர் அடைத்திருந்தது. சுத்தம் செய்து, சூளை ஏற்றி, இறக்கும்வரை கூடவே இருந்தேன். பிள்ளையார்கள் எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தில் வெளியே வந்தார்கள். பார்த்ததும் கை தானாகக் குவிந்துவிட்டது.

வெளியே வந்து முதல் போன் முதலாளிக்குத்தான் செய்தேன். முடித்துவிட்டேன், உங்கள் பெயருக்குக் குறை வரவில்லை என்றேன்.

"அந்தம்மா அப்பவே சொல்லிட்டாங்க. பூசைய விட்டுட்டியா?"

"முன்னாடியே எழுந்துட்டேன் மொதலாளி."

"எங்கிட்ட இருந்தப்ப அது தோணலையே," என்றார். சிரிப்பது கேட்டது. "நம்ம சூளையும் ஒரு மாதிரிதான் இருக்குது. வெள்ளிக்கெழம வந்து பாரு. பழமெல்லாம் வேணாம்."

அன்று வீட்டுக்குப் போனபோது மடித்து வைத்த துணிகள் பழையபடி அலமாரியில் இருந்தன. மச்சினனுக்கு அவளே போன் செய்துவிட்டாளாம். குறை தீர்ந்துவிட்டதால் பிராதை வாபஸ் வாங்க இரண்டு பேரும் மணவாளநல்லூருக்குப் போய் வந்தோம்.