நாற்பத்தெட்டு வயதில் எழுந்து நின்றவர்

நிந்தவூர் ஷரிபுதீன் மாஸ்டர் பதினொரு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தவர். பிள்ளைகளுக்கு அவர் மேல் உயிர். பயந்த பிள்ளையைப் பேச வைப்பார், துடுக்கான பிள்ளையை அடக்குவார், பிரம்பைத் தொடுவதே அபூர்வம். 1958இல் சாய்ந்தமருது மீனவர் சங்கத்துக்கு இயந்திரப் படகு இரண்டு வருகிறது என்றதும், அதை ஓட்டப் பன்னிரண்டு பேரைப் பழக்க ஒருவர் தேவைப்பட்டார். இயந்திரத்தோடு வந்த கைநூல் ஆங்கிலத்தில் இருந்தது. அதை வாசித்துத் தமிழில் சொல்லக்கூடியவர் அந்தப் பக்கத்தில் இவர்தான். ஆறு மாதத்துக்கு இவரை இரவலாகக் கேட்டு வாங்கினார்கள்.

வகுப்பு பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. பின்னேரம் மூன்று மணி. விடியச் சாமத்தில் கடலுக்குப் போய், வலை கழுவி, அரைத்தூக்கம் தூங்கி வந்த மனிதர்கள் மூன்றாம் வகுப்பு வாங்குப் பலகைகளில் முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்து குந்தினார்கள். மாஸ்டர் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டார். “உள்ளேன் ஐயா” என்று சொல்லச் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். அந்தச் சிரிப்பை அவர் ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டார்.

எரிபொருள் தாங்கி, வடிகட்டி, பம்பி, தெளிப்பான் என்று கரும்பலகையில் படம் போட்டு, பெயர்களைச் சேர்ந்து சொல்ல வைத்தார். பழகுவதற்கென்று முன்கூட்டியே வந்த இயந்திரம் ஒன்று மைதானத்து மூலையில் படங்குத் துணிக்குள் கிடந்தது. பெயர் எல்லாம் பாடமான பிறகுதான் அதைத் தொடலாம் என்பது அவர் போட்ட சட்டம். எழுத்து தெரியாமல் வசனமா என்று அவர் மனதுக்குள் நியாயம் இருந்தது.

பன்னிரண்டு பேரில் வயதில் மூத்தவர் முகம்மது தம்பி. நாற்பத்தெட்டு. இருபத்தெட்டு வருடமாக வேறொருவரின் தோணியில் தண்டு வலிக்கிறவர். சங்கத்தின் பட்டியலில் அவர் பெயர் முதலாவது. பயிற்சியை முடித்தால் முதல் படகின் தண்டயல், அதாவது படகுத் தலைவர், அவர்தான். மற்றவர்கள் அதை ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது ஒன்றுதான் வாழ்நாளில் மிச்சமிருந்த ஆசை.

மூன்றாம் நாள் அவர் கேட்டார்.

“மாஸ்டர், ஒரு கத கேக்கட்டா? நடுக்கடல்ல மெசின் நிண்டு போச்செண்டா என்ன செய்யிற?”

“அது பன்னிரண்டாம் பாடம். இப்ப இரிங்க.”

“பன்னெண்டாம் பாடம் வரைக்கும் கடல் பொறுக்குமா மாஸ்டர்?”

வகுப்பு சிரித்தது. மாஸ்டருக்குச் சுருக்கென்றது. துடுக்கான பிள்ளையை அடக்க அவரிடம் பழைய வழி ஒன்று இருந்தது. தெரியாதவனை எழுப்பி நிறுத்தி, தெரிந்தவனைக் கொண்டு சொல்ல வைப்பார். பிள்ளைகள் மத்தியில் அது ஒருநாளும் தவறியதில்லை. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து கிட்டிப்புள் அடிப்பார்கள்.

“முகம்மது தம்பி, எழும்பி நில்லுங்க. வடிகட்டிக்கு அடுத்தது என்ன?”

அவர் எழும்பினார். தெரியவில்லை.

“றஸாக், நீ சொல்லு.”

றஸாக் முகம்மது தம்பியின் மூத்த மகளைக் கட்டியவன், மாமனாரின் வீட்டிலேயே இருக்கிறவன். மாமனார் இருக்கும் விறாந்தையில் இருக்கவும் மாட்டான், அவருக்கு நேரே சத்தமாகக் கதைக்கவும் மாட்டான். அவரும் மருமகன் வரும் நேரம் சால்வையைச் சரிசெய்துகொள்வார். இந்த ஊர்களில் மாமனும் மருமகனும் அப்படித்தான். மாஸ்டரும் ஒரு வீட்டுக்கு மருமகன். ஆனால் அந்த நேரம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு மாணவர்கள் மட்டுமே.

“எனக்கும் தெரியா மாஸ்டர்,” என்றான் றஸாக், நிலத்தைப் பார்த்து.

“பொய் சொல்லாத. நேத்து நீதான் பிழையில்லாமச் சொன்ன. சொல்லு!”

றஸாக் சொன்னான். பம்பி என்ற அந்த ஒரு சொல் அவன் வாயிலிருந்து கெஞ்சுவது போல வந்தது.

முகம்மது தம்பி தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “வாறன் மாஸ்டர்,” என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு வெளியே போனார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒருவரை அனுப்பி விசாரிக்கலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றாமலில்லை. வராத பிள்ளை தானாக வரும் என்று இருந்துவிட்டார். ஒரு கிழமையில் மீன்பிடிக் கந்தோருக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, அறிக்கை எழுதவேண்டி வந்தது. “கற்கும் மனப்பாங்கு இல்லை, பயிற்சிக்குத் தகுதியற்றவர்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பட்டியலில் முதலாவது இடம் றஸாக்குக்குப் போனது.

இரண்டாம் கிழமை முடிவில் முதல் படகு வந்து சேர்ந்தது; அதன் முதல் ஓட்டத்தில் றஸாக்கோடு மாஸ்டரும் இருந்தார். கரை கோடாகத் தெரியும் தூரத்தில் தாங்கி வற்றி இயந்திரம் நின்றது. தகரத்திலிருந்து டீசல் ஊற்றினார்கள். தாங்கி நிறைந்தும் இயந்திரம் எழும்பவில்லை. இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றிக் கை புண்ணானது. “தாங்கி, வடிகட்டி, பம்பி, தெளிப்பான்” என்று றஸாக் வாய்க்குள் ஓதினான். பெயர்களில் ஒன்றும் பிழையில்லை. மாஸ்டர் கைநூலைப் புரட்டினார். காற்று பக்கங்களை அடித்தது. பின்னேர அசர் தொழுகை நேரம் தாண்டித்தான் ஒரு தோணிக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார்.

கல்முனை நெல்லு மில்லில் மெசின் ஓட்டும் கனகரெத்தினத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் வடிகட்டியின் மேலிருந்த சின்னத் திருகாணியைத் தளர்த்தி, பம்பியின் கைப்பிடியை அமத்தினார். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று வெறும் டீசல் வழிந்ததும் திருகாணியை இறுக்கினார். தெளிப்பான் பக்கமும் அப்படியே செய்தார். இரண்டாம் சுற்றில் இயந்திரம் பிடித்தது.

“காத்து ஏறியிருக்கு, வேறொண்டுமில்ல,” என்றார் கனகரெத்தினம். “இதப் படிப்பிக்கல்லயா மாஸ்டர்?”

“பன்னிரண்டாம் பாடம்,” என்றார் மாஸ்டர். அவருக்குத் தன் குரலே கேட்கப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் கரும்பலகை இல்லை, இடாப்பும் இல்லை. வகுப்பு, வலை கழுவி முடியும் நேரமான காலை ஒன்பதுக்கு மாறியது, படங்குத் துணியைக் கழற்றி இயந்திரத்தைச் சுற்றி. மாஸ்டர் தாங்கியை வற்றவிட்டு இயந்திரத்தை நிற்கவைத்தார். “கடல்ல நிக்கிறீங்க. என்ன செய்வீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். சத்தம் போட்டார்கள், ஒருவரை ஒருவர் மடையன் என்றார்கள்.

“டே, பீப்பாவுல இருந்து குழாயால எண்ணெய் உறிஞ்சக்குள்ள இடையில காத்து நிண்டா வருமா? அதுதான் இதும்!” என்றான் மசூர் என்ற ஒருவன்.

அதற்குப் பிறகு அவர்களே திருகாணியைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது எதற்கு, அதன் பெயர் என்ன என்று கேட்டார்கள். இரண்டு கிழமையில் பலருக்கு ஏறாத பெயர்கள் அன்று பின்னேரத்துக்குள் ஏறின. வளர்ந்த மனிதன் தன் தேவையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறான், தான் பட்டதையெல்லாம் கூடவே கொண்டுவருகிறான் என்று மாஸ்டருக்கு அன்று விளங்கியது. அதை முதலில் கையில் கொண்டுவந்தவரைத்தான் அவர் எழுப்பி நிறுத்தியிருந்தார்.

மாஸ்டர் முகம்மது தம்பியின் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி றஹீமா கதவுக்குப் பின்னாலிருந்து தேத்தண்ணி நீட்டினாள்.

“நான் பிழை செஞ்சிட்டன். திரும்பி வாங்க. அறிக்கையை மாத்தச் சொல்லி எழுதுறன்.”

“எழுதுங்க மாஸ்டர். ஆனா எழுதினாலும், மருமகன்ட எடத்த நான் பறிக்கிறயா? இல்லாட்டி அவருக்குக் கீழ இருந்து ஓடுறயா?” முகம்மது தம்பி சிரித்தார். “அவர் இப்ப வீட்டுக்கு வாறதும் நான் தொழப் பள்ளிக்குப் போன பொறகுதான். மகள் எங்க ரெண்டு பேருக்கும் வேறவேறயா ரெண்டு தரம் சோறு ஆக்கிறாள்.”

மாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பினார்.

“நீங்க நல்ல மனிசன் மாஸ்டர். சின்னப்புள்ளயளுக்கு.”

அதில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

கந்தோருக்கு இரண்டு கடிதம் எழுதினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: ஒருமுறை தகுதியற்றவர் எனப் பதிந்தவரை மீண்டும் சேர்க்க விதியில்லை, இரண்டாவது படகுக்கும் ஆள் தெரிவாகிவிட்டது. மாஸ்டர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாய்ந்தமருது வரை போனார். முகம்மது தம்பி கரையில் மற்றவரின் தோணியை ஆறு பேரோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். மாஸ்டரைக் கண்டு தோளை எடுக்காமலே ஸலாம் சொன்னார். மாஸ்டர் பதில் ஸலாம் சொல்லிவிட்டு, கடிதத்தைக் காட்டாமலே நிந்தவூர் பஸ்ஸுக்கு நடந்தார்.