மருதப்பன் பெயர் வந்த கவிதை

மருதப்பனுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விஷயம் அவருக்கும் பெண்டாட்டி கோமதித்தாய்க்கும் மட்டும்தான் தெரியும். சங்கரன்கோவிலில் கண் மங்கின நெசவாளிக்கு எந்த ஜவுளி முதலாளியும் நெய்யப் பாவு நூல் கொடுக்க மாட்டார். பாவு இல்லாவிட்டால் தறி சும்மா கிடக்கும், அடுப்பும் சும்மா கிடக்கும். எழுபத்தெட்டாம் வருஷம் அவர்கள் பிழைப்பு இந்த ஒரு ரகசியத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு கோமதிசங்கருக்குக் கவிதை வந்தது. மின்சார ஆபீஸில் குமாஸ்தா. நல்ல மனுஷன், எழுதினால் மட்டும் கொஞ்சம் அளவு மீறிவிடுவார். நூலகத்து வாசகர் வட்டக் கூட்டத்துக்காக நெசவாளியைப் பற்றி எழுதி, மருதப்பனிடமே வாசித்துக் காட்டினார். அதில் நெசவாளி பிரம்மாவாக இருந்தார், நூலில் ஓவியம் தீட்டினார், கடைசியில் கண்ணீரால் துணியை நனைத்தார். மருதப்பன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நனைந்தால் துணி கறையாகிப்போகுமே என்றார்.

கோமதிசங்கருக்குச் சுருக்கென்றது. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் சாயங்காலம் தறிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குறுக்கு நூலோடு நாடா இங்கும் அங்கும் ஓடுவதைப் பார்த்தார். பிரம்மா போனார், கண்ணீர் போயிற்று, 'ஏழை' என்ற சொல்லும் போயிற்று. கை செய்வதும் கால் செய்வதும் மட்டும் மிஞ்சின. ஆளுக்குப் பெயர் வேண்டும், பெயர் இல்லாமல் புகழ்ந்தால் அது பிச்சை போடுகிற மாதிரி என்று சொல்லி முதல் வரியிலேயே பெயரைப் போட்டார். முடிந்ததும் யாருக்கும் காட்டவில்லை, நேரே கூட்டத்தில் வாசித்தார்:

மருதப்பன் உட்கார்ந்தால்
கால் மிதிக்கும், கை இழுக்கும்,
நாடா ஓடும்.
இழை ஒன்று அறும்.
தறி நிற்கும்.
கண் தேடாது.
விரல் போய் நிற்கும் இடத்தில்
இழை இருக்கும்.
நீங்கள் உடுத்தியிருக்கும் துணியில்
அந்த முடிச்சைத் தேடுங்கள்.
கிடைக்காது.

கூட்டத்தில் பாதிப் பேர் தம் வேட்டியைத் தடவிப் பார்த்தார்கள். பின்வரிசையில் மருதப்பன் தம் விரல்களை நீவிக்கொண்டார். இத்தனை வருஷம் நெய்த துணியை எத்தனையோ பேர் மெச்சியிருக்கிறார்கள், அந்த விரலை ஒருவரும் மெச்சியதில்லை. சந்தோஷத்தில் 'கண் தேடாது' என்பது அவர் காதில் ஏறவே இல்லை. முன்வரிசையில் இருந்த, அவருக்குப் பாவு கொடுக்கும் முதலாளி பரமசிவன் காதில் ஏறியது.

மறுநாள் பாவு வாங்கப் போனபோது பரமசிவன் கொடுக்கவில்லை. கூட்டத்துக்கு என்னிடம் சரக்கு எடுக்கிற மதுரை வியாபாரி முகம்மது ஹுசைனும் வந்திருந்தார், உன்னைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கிறாராம், கண் தெரியாதவன் நெய்த சரக்கு என்று பேரானால் என் வியாபாரம் படுத்துவிடும் என்றார்.

"துணியில குத்தம் இல்ல வே. பேச்சுதான் குத்தம். சாயங்காலம் பாய் வாராரு. அந்தப் பாட்டுல உள்ளவன் நான் இல்லன்னு அவர்ட்ட உன் வாயால சொல்லு. பாவு தாரேன்."

கோமதித்தாய் கோமதிசங்கர் வீட்டு வாசலில் போய் நின்று அழுதாள். அவர் பதறிப்போய், எல்லாம் என் கற்பனை என்று நானே சொல்லிவிடுகிறேன் என்று கூடவே வந்தார். மருதப்பனுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. ஒரு பொய்யும் எழுதாத மனுஷனிடம் எதற்குக் கோபப்படுவது?

கடையில் ஹுசைன் பாய் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் பரமசிவன் முந்திக்கொண்டு, நீங்கள் கேட்ட மருதப்பன் இவன் இல்லை என்று சொல்லிவிட்டு மருதப்பனைப் பார்த்தார். பாவு பரமசிவன் மடியில் இருந்தது.

"ஆமா பாய்" என்றார் மருதப்பன். "அது நான் இல்ல. வேற மருதப்பன்."

பாயின் முகம் வாடிப்போயிற்று. "அப்படியா? அந்த ஆளைப் பார்த்து, கையை ஒரு தடவை கண்ணில் ஒத்திக்கிட்டுப் போகணும்னுதான் ஊருக்குப் போகாமத் தங்கினேன். இனிமே அவர் நெய்றது பூராவும் எனக்கே வேணும்னு கேட்க நினைச்சேன். அவர் எங்கே இருக்கார்?"

கோமதிசங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மருதப்பன் தலையை ஆட்டித் தடுத்துவிட்டார். பாய் இன்றைக்கே மதுரைக்குப் போய்விடுவார், முதலாளியை அவர் கடையிலேயே பொய்யனாக்கிவிட்டு நாளைக்கு எந்த வாசலில் போய் நிற்பது?

"அவரு செத்துட்டாரு பாய்" என்றார்.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். பரமசிவன் யார் முகத்தையும் பார்க்காமல் பாவை நீட்டினார். மருதப்பன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.