இல்லாத மூன்றாவது மாடி

சின்னவளின் கணவன் விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் துரும்பாக இளைத்துப்போனாள். ஆனாலும் அவள் போட்ட ரவிக்கை எதுவும் தொளதொளவென்று தொங்கவில்லை. பல மாதங்கள் கழித்து ஒன்றை உட்புறம் திருப்பித் துவைக்கும்போதுதான் கண்டாள். இரண்டு பக்கமும் பொடித் தையல் போட்டுப் பிடித்திருந்தது. மடித்து வைக்கிற சாக்கில் ஒவ்வொன்றாக எடுத்துச் சிறிதாக்கி, எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறாள் மூத்த ஓரகத்தி. கேட்டதற்கு, "துவைச்சா துணி சுருங்கத்தான் செய்யும்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த மூத்தவளுக்குத் தெருவில் ஊக்கு அக்கா என்று பெயர். பழைய துணிகளைப் பிடித்தும் பிரித்தும் தைப்பது தொழில். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அப்படியே பேசுவாள், சண்டை போடுவாள், கடவுளையும் கும்பிடுவாள். "சாமி கோவிச்சுக்காதா அக்கா?" என்று சின்னவள் கேட்டால், "அவருக்கு என் பாஷை பழகிடுச்சு" என்பாள்.

சின்னவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். ஒரு மத்தியானம், கரண்ட் போய் வீடே சத்தமில்லாமல் கிடந்தபோது, அவளுக்கு அந்தப் போன் வந்தது. தெரியாத எண். ஆண் குரல். மெல்லிய குரல்.

"குருவி, நல்லா இருக்கியாம்மா?"

குருவி என்று அவளை அழைத்தது உலகத்தில் ஒரே ஒருவன்தான். அவன் இப்போது இல்லை.

குரல் பதறாமல் பேசியது. உன் வீட்டுக்காரர் எங்களிடம் உன் பெயரைப் பதிந்துவைத்திருந்தார், வெளிநாட்டில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், டிக்கெட் விசா எல்லாம் எங்கள் பொறுப்பு, சம்பளம் இங்கே வாங்குவதைப்போல ஏழெட்டு மடங்கு என்றது. தினமும் அதே மத்தியான நேரத்தில் வந்தது. சில நாட்களில் அவள் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கவே தொடங்கிவிட்டாள். வேலைக்காகவா, அந்த ஒரு வார்த்தைக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

கிளம்ப வேண்டிய நாளன்று காலையில்தான் ஊக்கு அக்காவிடம் சொன்னாள். பாஸ்போர்ட் கைப்பைக்குள் இருந்தது.

அக்கா மிஷினை நிறுத்தினாள். திட்டவில்லை. "வரட்டும் போன். ஸ்பீக்கர்ல போடு" என்றாள்.

போன் வந்தது. அக்கா ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள். "தம்பி, நீங்க யாரு?"

"சின்ன மருமகளோட அக்கா முறைதானே நீங்க? தையல் வேலை. முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"அது நான் யாருங்கறது. நீங்க யாருன்னு கேட்டேன்."

ஒரு பெயர் சொன்னது. ஓர் ஏஜென்சி பெயரும் பதிவு எண்ணும் சொன்னது. அக்கா சாக்குக்கட்டியால் மேசையிலேயே குறித்துக்கொண்டாள்.

"ஊர்ல எத்தனையோ பேரு வேலைக்கு அலையறாங்க. எங்க பிள்ளையை ஏன் தேடி வந்தீங்க?"

"அவர் சொல்லிட்டுப் போனார். இறந்தவர் வாக்கு."

சின்னவளின் கண் கலங்கியது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு தரீங்க, எவ்வளவு கேக்கறீங்க?"

"நாங்க எதுவும் கேக்கல. பதிவுக்கு மட்டும் ஒரு சின்னத் தொகை. கூட்டிப்போக வர்ற கார்லயே பாஸ்போர்ட்டோட குடுத்தா போதும்."

"அப்ப கேக்கறீங்க. சரி, இதுக்கெல்லாம் அத்தாட்சி?"

"எங்க ஆபீஸ் நம்பர் தரேன், பேசிப் பாருங்க."

"உங்க நம்பர்ல உங்க ஆளுதானே எடுப்பான்? அட்ரஸ் சொல்லுங்க, நேர்ல பாக்கறோம்."

குரல் சிறிதும் கோபப்படவில்லை. அதுதான் சின்னவளுக்கு முதலில் உறைத்தது. இவ்வளவு கேட்டால் எந்த மனிதனும் ஒரு முறையாவது சலித்துக்கொள்வான். அது தெருவையும் கட்டடத்தையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு முடித்தது: "மூணாவது மாடி. வாங்க. ரெண்டு பேரும் வந்தாலும் சரி."

போகும் வழியில் அக்கா வெளிநாட்டு வேலை ஏஜென்சிகளைப் பதிவு செய்கிற அரசாங்க அலுவலகத்தில் ஏறி இறங்கினாள். பதிவு எண் உண்மைதான் என்றார் அங்கிருந்த அம்மா. சின்னவள் முகம் மலர்ந்தது. அந்த அம்மா தம் கோப்பில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஏஜென்சிக்காரர்கள், அப்படி ஓர் ஆளும் எங்களிடம் இல்லை, அப்படி ஒரு வேலையும் இல்லை, நீங்கள் சொல்கிற இடத்தில் எங்களுக்கு ஆபீஸும் இல்லை என்றார்கள்.

"யாராவது புது ஆளா இருக்கும்க்கா" என்றாள் சின்னவள். "அங்க போய்ப் பாத்துடலாமே." அவளை அப்படியே வீட்டுக்கு இழுத்துப்போனால் நாளைக்குத் தனியாகப் போய்விடுவாள் என்று அக்காவுக்குத் தெரியும். கூடவே நடந்தாள்.

பழைய கட்டடம். கீழே சாமான் கிடங்கு, பூட்டியிருந்தது. முதல் மாடியில் காலி அறைகள். இரண்டாவது மாடியில் ஒரு நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதற்கு மேல் ஏறினால் வெட்டவெளி. மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி, வெயில், காற்றில் ஆடுகிற ஒரு கம்பி. அவ்வளவுதான். மூன்றாவது மாடி என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

போன் அடித்தது.

"மேல ஏறிட்டீங்களா? நேர கீழ வாம்மா குருவி. கார் நிக்குது."

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. வெள்ளைக் கார் ஒன்று நின்றது. கண்ணாடி கறுப்பு. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தாங்கள் இங்கே நிற்பது அந்தக் குரலுக்கு எப்படித் தெரிந்தது என்று சின்னவளுக்குத் தோன்றவேயில்லை. தூக்கத்தில் நடப்பவள்போலப் படியில் கால் வைத்தாள். கை பைக்குள் பாஸ்போர்ட்டைத் தேடியது.

அக்கா அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். போனை வாங்கினாள். அப்போதுதான் வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள்.

"வரோம் தம்பி. ஒரே ஒரு கேள்வி. இந்த விஷயத்தை யார் யார்கிட்ட சொல்லலாம்? எங்க எதிர் வீட்டு அம்மா போலீஸ்ல இருக்காங்க. அவங்களும் வழியனுப்ப வரேன்றாங்க. கூட்டிட்டு வரட்டுமா?"

எதிர்முனையில் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஒரு மூச்சு அல்ல, இரண்டு மூன்று பேருடைய மூச்சு. பிறகு இணைப்பு அறுந்தது. கார் அவசரமே இல்லாமல் நகர்ந்து திருப்பத்தில் மறைந்தது.

எதிர் வீட்டுப் போலீஸ் அம்மா உண்மையிலேயே இருந்தார். அன்று சாயங்காலமே புகார் எழுதிக்கொடுக்க வைத்தார். புருஷனின் போன் விபத்தில் காணாமல்போனதல்லவா, அது யார் கையிலோ சிக்கியிருக்கும், அதில் பதிவாகியிருந்த பேச்சுகளைக் கேட்டுத்தான் செல்லப் பெயர் முதல் முழங்கால் வலி வரை தெரிந்துகொண்டிருப்பார்கள் என்றார். கார் வழி தவறக் கூடாது என்று சொல்லிச் சின்னவள் போனில் இருப்பிடம் காட்டும் வசதியைப் போடவைத்ததும் அவர்கள்தான்.

எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் சில மத்தியானங்களில் போன் அடித்தால் சின்னவள் எடுக்கமாட்டாள். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறவங்க இனிமே யாருமே இல்லல்ல அக்கா" என்று ஒரு நாள் அழுதாள்.

அக்கா மிஷினை ஓட்டிக்கொண்டே, "அழுது முடி. அழறதுக்கு யாருக்கும் அத்தாட்சி காட்ட வேண்டாம்" என்றாள்.

அடுத்த ஆண்டு தூரத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் சின்னவளுக்கு வேலை கிடைத்தது. அக்கா முதலில் தானே போய், வார்டைப் பார்த்து, அங்கே வேலை செய்கிற பெண்களிடம் பேசிவிட்டு வந்த பிறகுதான் பெட்டி கட்டவிட்டாள். பஸ் நிலையத்தில் ஜன்னலோரம் நின்றுகொண்டு, சாப்பிட்டாயா தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கடவுள் அக்காவைத் தூக்கத்திலேயே அழைத்துக்கொள்வார் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

பஸ் நகர்ந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி கூடவே வந்து சொன்னாள்:

"அடியே, நாளைக்கு என் குரல்லயே ஒருத்தி உன்னைக் கூப்பிடுவா. நம்பிடாத. யாருன்னு கேளு. நிஜமா நான்தான்னா கோவிச்சுக்க மாட்டேன்."