ஐந்து அங்குல அரைவட்டக் கம்பி

அந்த வருஷம் சேலத்தில் ஒரு கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்புக்குக் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்து நான்கு. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். வகுப்பில் என்னைவிட மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். நாமக்கல் பக்கத்துக் குடியானவர். மனைவியையும் கைக்குழந்தையையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். இந்த வருஷம் தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி ஏர் பிடிக்க வேண்டும் என்பது வீட்டில் பேசி முடித்த பேச்சு.

கல்லூரி வைக்கும் செலக்‌ஷன் பரீட்சையில் தேறினால்தான் யூனிவர்சிட்டி பரீட்சைக்கு அனுப்புவார்கள். அதில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். மெல்லிய கம்பி ஒன்றை அரைவட்டமாக வளைத்து, அதன் இரு முனைகளிலிருந்தும் நேராகக் கீழே இறங்கும்படி இரண்டு சமமான கால்கள் விட்டிருக்கிறது. மொத்தக் கம்பியின் ஈர்ப்பு மையம் விட்டத்தின் நடுவில் விழ, கால் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? ஆரம் ஐந்து அங்குலமானால் ஐந்தே முக்கால் அங்குலம் என்பது என் விடை. என் நோட்ஸை மனப்பாடம் செய்த பாதி வகுப்பும் அதையே எழுதியிருந்தது. இந்த மனிதர் மட்டும் ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல் என்று எழுதியிருந்தார். சிவப்பு மசியால் ஒரே கோடாக அடித்தேன். அந்தக் கேள்வியின் மார்க் இல்லாமல் அவர் தேறவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் வளைத்த கம்பிகள் இரண்டு, சைக்கிள் ஸ்போக்குகள் இரண்டு.

"என்ன, மார்க்குக்குச் சண்டை போட வந்தியா?" என்றேன்.

"ஐயோ, இல்லீங்க சார். என்ற கணக்கு எங்க தப்புனு ரண்டு நாளாத் தேடறனுங்க, புடிபடலீங்க. கம்பிய வளச்சுப் பாத்தா தெரியுமுன்னு வந்தனுங்க."

ஒரு கம்பிக்கு என் அளவுப்படி கால் விட்டிருந்தார், இன்னொன்றுக்குத் தம் அளவுப்படி. ஒவ்வொன்றிலும் வளைவும் காலும் சேரும் இரண்டு இடங்களைத் தொட்டுக் குறுக்கே ஒரு ஸ்போக்கைக் கட்டியிருந்தார். அதன் பாரம் விட்டத்திலேயே இருப்பதால் கணக்கைக் கெடுக்காது. அந்த யோசனையே எனக்குத் தோன்றியிருக்காது. என் மேஜையில் புத்தகங்களை இரண்டு உயரமான அடுக்காக அடுக்கி, அவற்றின் மேல் இரண்டு டம்ளரை வைத்து, ஸ்போக்கின் முனைகளை அவற்றின் விளிம்பில் தாங்க வைத்தார்.

மையம் விட்டத்தில் விழுந்தால், எப்படித் திருப்பி விட்டாலும் கம்பி அப்படியே நிற்க வேண்டும். முதலில் என் கம்பி. கையை எடுத்ததும் வளைவு தொப்பென்று கீழே புரண்டு தொங்கியது. அடுத்தது அவர் கம்பி. வளைவு மேலே இருக்கும்படி விட்டார், நின்றது. படுக்க வைத்தார், படுத்தபடியே நின்றது. சாய்த்தார், சாய்ந்தபடி நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது. விரலால் தட்டினார், வாயால் ஊதினார். அது விழ வேண்டும், வாத்தியார் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று அவர் படாத பாடு பட்டார். கம்பியோ விட்ட இடத்தில் நின்றது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பென்சிலை எடுத்தேன். வளைந்த கம்பியின் மையம், விட்டத்துக்கு மேலே, ஆரத்தின் இரு மடங்கை வட்டக் கணக்கின் 'பை'யால் வகுத்த தூரத்தில் இருக்கிறது. கம்பியின் நீளமோ பை மடங்கு ஆரம். இரண்டையும் பெருக்கினால் பை அடிபட்டுப் போய், ஆரத்தின் வர்க்கம் இரண்டு மடங்காக நிற்கிறது. கீழே ஒவ்வொரு காலின் மையமும் அதன் பாதி நீளத்தில் இருப்பதால், இரண்டு கால்களுக்குமாகச் சேர்த்து வருவது ஒரு காலின் வர்க்கம். அப்படியானால் ஆரத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தின் மூலைவிட்டம்தான் காலின் நீளம்! வட்டத்தை விட்டு ஒருநாளும் பிரியாத பை, இங்கே சுவடில்லாமல் மறைந்துவிட்டது. கம்பியே இல்லாத வெற்றிடத்தில் ஒரு புள்ளி, அத்தனை கம்பியையும் தாங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இதைப் பாடம் சொன்னவன், அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

என் தப்பும் தெரிந்தது. அரைவட்டத் தகட்டுக்கு உரிய மையத்தைக் கம்பிக்குப் போட்டிருக்கிறேன். தகட்டின் மையம் விட்டத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும், அதனால்தான் என் கால்கள் குட்டையாகிவிட்டன.

நேரே பிரின்சிபால் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், யூனிவர்சிட்டி பரீட்சைக்கு அனுப்புகிறவர்களின் பட்டியலை எடுத்து, அடியில் ஒரு பெயரைச் சேர்த்தார். மற்றவர்களின் மார்க்கைக் குறைக்க வேண்டாம், அவர்கள் எழுதியது என் பிழை என்று கேட்டுக்கொண்டேன்.

என் அறைக்குத் திரும்பி வந்தபோது அந்த மாணவர் டம்ளர்களுக்கு எதிரே குனிந்து, காகிதத்தில் இன்னும் தம் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், கம்பி ஒருவேளை ஒரே கனமா இல்லீங்களோ?"

"கம்பி சரியாத்தான் இருக்கு. நீங்க போட்டதுதான் சரி. நான் போட்டது தப்பு. பட்டியல்ல உங்க பேர் இருக்கு" என்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அதுவரை நான் அவரை "நீ" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.