ஒரு வழி டிக்கெட்

என் மனைவி வேறொரு ஆணிடம் பிரெஞ்சில் பேசிச் சிரித்த சத்தத்தை ஒரு மழைக்கால மாலையில்தான் முதலில் கேட்டேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்ட போனை டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

அவள் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். புது இயந்திரத்தைப் பற்றிப் படித்து வர இரண்டு பேரை பிரான்சில் லியோன் என்ற ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்றும், அதில் தானும் ஒருத்தி என்றும் வந்து சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னொருவர் அதே பிரிவில் இருப்பவர், அத்திபெலேக்காரர், கல்யாணம் ஆகாதவர் என்று தெரிந்ததும் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது.

கம்பெனியிலேயே மதிய நேரத்தில் பிரெஞ்சு வகுப்பு வைத்தார்கள். விமானம் தாமதமானாலும் பிரச்சினை வரக்கூடாது என்று ரயில் டிக்கெட்டை பாரிஸ் விமான நிலையத்து ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதனால் டிக்கெட் வாங்குவதும் வழி கேட்பதும்தான் அவர்களுடைய முக்கியப் பாடம். தினமும் சாயங்காலம் இருவரும் போனில் பழகிப் பார்த்தார்கள். அவர் டிக்கெட் கவுண்டர்காரர், இவள் பயணி. பிறகு மாற்றிக்கொள்வார்கள்.

எனக்கு அது எதுவும் புரியவில்லை. என்னோடு பேசும்போது வராத ஒரு மெல்லிய குரல் அவளுக்கு அந்த மொழியில் வந்தது. அதுதான் உறுத்தியது.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் போனில் பிரெஞ்சுப் பாடங்களைக் கேட்க ஆரம்பித்தேன். கற்றுக்கொள்ள வேண்டும் என்றல்ல, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டும். 'கிஷே' என்றால் டிக்கெட் கவுண்டர். 'பியே' என்றால் டிக்கெட். 'கே' பிளாட்பாரம், 'வுவா' என்றால் ரயில் நிற்கும் தண்டவாளம், அதற்குத்தான் நம்பர் இருக்கும். இவ்வளவு சாதாரணச் சொற்களுக்கா அந்தச் சிரிப்பு என்று நினைக்க நினைக்க எரிச்சல் கூடியது.

ஒரு நாள் அவள் சொன்ன ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்தது. "ழ வுத்ரே அன் நலே சேம்ப்ல் பூர் லியோன், சில் வு ப்லே." தயவுசெய்து லியோனுக்கு ஒரு வழி டிக்கெட் ஒன்று வேண்டும். போய் வருவதற்கு 'அலே ரெத்தூர்' என்று சொல்ல வேண்டும். அவள் அதைச் சொல்லவே இல்லை. அந்தப் பக்கம் அவரும் தனக்கு ஒரு வழிதான் கேட்டார்.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "ஏன் ரெண்டு பேரும் ஒன்-வே டிக்கெட்டே கேக்கறீங்க? திரும்பி வர்ற எண்ணம் இல்லையா?"

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "பாரிஸ்ல எறங்கி லியோனுக்கு ட்ரெயின்ல போறோம். திரும்பி வர்ற ஃப்ளைட் லியோன்லேருந்தே. அப்பறம் எதுக்குங்க ரிட்டர்ன்?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அது சரி, உங்களுக்கு அலே சேம்ப்ல் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

கடையில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். தட்டைக் கழுவிவிட்டு வந்து, "அப்ப நீங்களே கவுண்டர்ல உக்காருங்க" என்றாள்.

சாப்பாட்டு மேசைதான் கிஷே. ஒரு வழியா, போய் வரவா என்று கேட்டு டிக்கெட் கொடுத்தேன். பிளாட்பாரம் எங்கே என்று கேட்டாள். நேராகப் போங்கள் என்பதற்கு 'து த்ருவா', வலப்பக்கம் என்பதற்கு 'அ த்ருவாத்'. நான் குழம்பி வலப்பக்கம் என்று சொல்லிவிட்டேன். அவள் சொன்னபடியே திரும்பிப் போய் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். "லியோனுக்கு ரயில் இதுக்குள்ள வருமாங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். போனில் நான் கேட்ட அதே சிரிப்பு. இந்த முறை எனக்காக.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நான்தான் கவுண்டர்காரன். அத்திபெலேக்காரர் போன் செய்தால், "நாங்க ப்ராக்டிஸ் பண்ணிட்டோம் சார்" என்று நானே எடுத்துச் சொன்னேன். அவர் நல்லபடியாகத்தான் பேசினார். எனக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். மறுநாள் நான் கடையில் இருந்தபோது அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கவுண்டரில் இருந்த அம்மாவிடம் தானே பேசினாளாம். ஜன்னல் பக்கமா, நடைபாதைப் பக்கமா என்று அந்த அம்மா கேட்டதும் புரிந்ததாம். பிளாட்பாரம் எங்கே என்று கேட்டதற்கு 'து த்ருவா' என்று பதில் வந்ததாம். ஒழுங்காக நேரே போனாளாம். அவள் குரலில் இருந்த பெருமை எனக்கும் தொற்றிக்கொண்டது.

பிறகு ஒரு படம் வந்தது. ரயில் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் வயல்கள். ஓரத்தில் ஒரு நீலச் சட்டையின் முழங்கை.

'நடைபாதைப் பக்கம் யார்?' என்று எழுதி அனுப்பினேன். 'வேற யாரு' என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிக்கும் முகம். கடையில் ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். இரண்டு பக்கமும் எடுக்கச் சொன்னதை மறந்து, ஒரு பக்கம் மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.