வரிசையை விட்ட சர்க்யூட் மாமா

எங்கள் பங்குத் தரகு அலுவலகத்தில் அவருக்கு 'சர்க்யூட் மாமா' என்று பெயர். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரேக் எதற்கென்று அவருக்குத் தெரியாதா என்ன! தினமும் ஐந்து சதவீதம் ஏறி, 'சர்க்யூட்' எனப்படும் அன்றைய விலை எல்லையில் முட்டி நிற்கும் ஏதோ ஒரு கம்பெனிப் பங்கை வரிசையில் காத்திருந்து வாங்கினார். போட்டது அத்தையின் முட்டி ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம்.

"மாமா, ஏறும்போது இதை விக்க ஆள் இல்ல. இறங்கும்போது வாங்க ஆள் இருக்காது."

"ஆர்டர் போடுற வேலைய மட்டும் பாரு தம்பி."

ஆமாம், நான் யார் சொல்ல? திரையைப் பார்த்தே கண் கெட்டுப்போனவன்தானே!

ஒரு நாள் அது இறங்க ஆரம்பித்தது. திறந்ததும் ஐந்து சதவீதம் கீழே, மறுநாளும் அப்படியே. எக்ஸ்சேஞ்சுக்கு ரொம்ப நல்ல மனசு. பதற்றத்தில் விலை ஒரே நாளில் பாதாளத்துக்குப் போகாமல், ஜனங்கள் ஆற அமர யோசிக்கட்டும் என்று எல்லை போட்டிருக்கிறது. மொத்தச் சந்தையும் பெரிதாகச் சரிந்தால் வியாபாரத்தையே கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். தனிப் பங்குக்கு இந்த எல்லை மட்டும்தான்: வியாபாரம் நடக்கலாம், அதற்குக் கீழே விலை போகாது. அந்த விலைக்கு வாங்கத்தான் நாதியில்லை. மாமா ஆற அமர யோசித்தார், நகத்தைக் கடித்துக்கொண்டு.

மாட்டினவர்களுக்கு ஒரே வழி: காலையில் எல்லா விற்பனையாளர்களையும் முந்தி, அடிமட்ட விலைக்கு ஆர்டர் போடுவது. ஒரே விலை என்றால் முதலில் வந்தவருக்கே முதல் இடம். சாயங்காலம் ஆர்டர் காலாவதி. மறுநாள் திரும்பவும் ஓட்டம். ஒருவழியாக ஒரு நாள் மாமாவை முன்வரிசையில் நிறுத்திவிட்டேன். மத்தியானம் யாரோ வாங்க வந்தார்கள். வரிசை நகர்ந்தது. வீட்டில் போனில் பார்த்துக்கொண்டிருந்த மாமா உடனே என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியா, வாங்குறான்! மூணு ரூபா ஏத்திப் போடு!"

"விலைய மாத்தினா இடம் போயிடும் மாமா."

"பங்கு உன்னுதா, என்னுதா? மாத்துடா!"

மாற்றித் தொலைத்தேன். வந்தவர் என்ன பைத்தியமா? குறைந்த விலைக்குக் கொடுத்தவர்களிடம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாமாவுக்குப் பின்னால் நின்றவர்கள்கூட விற்றுவிட்டார்கள். அலறியடித்துப் பழைய விலைக்கே வந்தபோது மாமாவுக்குக் கடைசி இடம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

மறுநாள் அத்தை வந்தாள். எங்கள் படிகளைச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி, மூச்சு வாங்க நின்றாள்.

"விக்கவே முடியலையாமே தம்பி? சர்க்யூட்டாமே?"

பின்னால் நின்ற மாமா எனக்குக் கண்ஜாடை காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து வித்திருக்கலாம் அத்தை. மாமாதான் இன்னும் மூணு ரூபா வேணும்னாரு."

அத்தை கத்தவில்லை. உட்கார்ந்து முட்டியை அழுத்திக்கொண்டாள்.

"நாளைக்கும் வரிசை உண்டா?"

"உண்டு. இன்னும் கம்மி விலைக்கு."

"போடுங்க." கணவரிடம் கையை நீட்டினாள். "அந்த போனைக் குடுங்க. நாளைக்கு சந்தை மூடினதும் தரேன்."

மாமா கொடுத்துவிட்டார். படி இறங்கும்போது தன் கையையும் நீட்டினார். அத்தை சுவரையே பிடித்துக்கொண்டு இறங்கினாள்.